இறக்கத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்

என் மருமகள் தமிழ்ப்ரியாவை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் பாதிப் பொய் ஆகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரி. அப்பா நஞ்சப்பனுக்கு நாலு ஏக்கர் வயல். என் மகன் அருண்பாண்டி சித்தூரில் ஒரு பேக்கரியில் எட்டு வருஷம் அடுப்படி வேலை பார்த்தபோது அந்தப் பக்கம் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்ட பெண். திட்டுவதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவாள். “நீங்க செஞ்சது தப்புங்க அத்தை” என்பாள். மரியாதையாகக் குத்துகிறவளிடம் திருப்பிக் குத்தவும் முடியாது. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் கோபத்தைப் போலவே பேசுவோம். அதுதான் நேர்மை என்பது என் கட்சி.

நான் செல்வலட்சுமி. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்து மூன்று வருஷம் வேலை. அதில் கடைசிப் பதினான்கு வருஷம் சூப்பர்வைசர். எங்கள் டிவிஷனில் பொம்பளை சூப்பர்வைசர் நான் ஒருத்திதான். காலையில் ஆள் எண்ணிப் புத்தகத்தில் பேர் போடுவது என் வேலை. முழு நாள் வந்தால் முழுப் பேர், பாதி வந்தால் அரைப் பேர். சில கங்காணிகள் வராத ஆளுக்கும் பேர் போட்டுக் கூலியில் பங்கு வாங்குவார்கள். நான் போட்டதில்லை. என் புத்தகத்தில் இருந்தால் ஆள் இருக்கு, இல்லையென்றால் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே பதினான்கு வருஷம் ஓட்டினேன். அதனால் எனக்கு நல்ல பேரும் உண்டு, பகையும் உண்டு.

போன வருஷம் ரிட்டயர் ஆனேன். கிராஜுவிட்டியும் பி.எஃப்பும் ஒரு வழியாகக் கைக்கு வந்தன. கூடவே லயத்து வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்தது. நான் பிறந்த வீடு அது. ஆனாலும் வீடு எஸ்டேட்டுடையது. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். பேக்கரி வேலையை விட்டுவிட்டு மகனும் மருமகளும் வந்து சேர்ந்தார்கள். கையில் இருந்த பணம் ஒரு தடவை போடத்தான் காணும். இன்னொரு தடவை போட ஒன்றும் இருக்காது. கடை போடுவது என்று முடிவாயிற்று. அவன் பன்னும் கேக்கும் பப்ஸும் போடுவான், அவள் முறுக்கும் வடையும் போடுவாள்.

அருண்பாண்டிதான் இடம் கண்டுபிடித்தான். எங்கள் எஸ்டேட் மேட்டிலிருந்து டவுனுக்கு ஒரு குறுக்கு ரோடு இறங்கும். செங்குத்தான இறக்கம். ஆட்டோகூட முக்கி முக்கித்தான் ஏறும். அந்த இறக்கத்தின் நடுவில், வளைவில், அமிர்தநாதன் என்பவருடைய மூன்று கடைமுறிகள் இருந்தன. அறையை எங்கள் பக்கத்தில் முறி என்போம். ஒரு பக்க முறியில் சங்கையாவின் டீக்கடை. மறு பக்கம் ஞானஜோதியின் தையல் கடை. நடு முறி காலி. பின்னால் ஒரு அறையும் குளிமுறியும் உண்டு, குடும்பம் தங்கிக்கொள்ளலாம். வாடகை குறைவு, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். மகன் என்னைக் கேட்காமலேயே ஐயாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டான். பத்து நாளில் பதினொரு மாத எக்ரிமென்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் டோக்கன் போச்சு.

“எத்தன பேரு அந்த வழியா நடக்குதாங்கன்னு எண்ணுனியா?” என்று கேட்டேன்.

“காலைல பாத்தா திருவிழா மாதிரி இருக்குமா.”

“திருவிழாவுல ஆளு இருக்கும். அதுக்கு நம்பர் என்னன்னு கேக்கேன்.”

அவன் முழித்தான். சரி, எண்ணுவதற்குத்தானே நான் இருக்கிறேன் என்று கிளம்பினேன். பணம் என் பணம், எண்ணம் என் எண்ணம்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை ஆறரைக்கு இறங்கினேன். கடைமுறிகளுக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் பழைய சங்கக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்தேன். பழைய பாக்கெட் புத்தகம், பேனா. அரை மணிக்கு ஒரு பக்கம். நாலு கோடு, குறுக்கே ஒன்று. சீருடைப் பிள்ளைகளுக்குத் தனி வரிசை, ஏனென்றால் அவர்கள் கையில் ஐந்தோ பத்தோதான் இருக்கும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பைக்கிலும் ஜீப்பிலும் போகிறவர்களை எண்ணவில்லை. வண்டியில் போகிறவன் வளைவில் நிறுத்தி வடை வாங்க மாட்டான். அதே ஆள் திரும்பிப் போனால் இரண்டாவது கோடு கிடையாது. எனக்கு முகம் மறக்காது.

ஒன்பதரை வரைக்கும் எண்ணினேன். திங்கள் அறுநூற்று நாலு. செவ்வாய் ஐந்நூற்றுத் தொண்ணூறு. புதன் அறுநூற்றுப் பன்னிரண்டு. குமுளி ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகிற பையன்கள், ஏலக்காட்டுக்கு ஜீப் பிடிக்கப் போகிற பெண்கள், டவுன் கடைகளில் நிற்கிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழடுகள். எல்லாரும் அந்த வளைவைத் தாண்டித்தான் இறங்கினார்கள். இதில் பத்துக்கு ஒருத்தர் நின்றால்கூட அறுபது பேர்.

அக்கம்பக்கத்துக் கடைகளையும் பார்க்காமல் இல்லை. சங்கையாவின் டீக்கடை பெஞ்சு எப்போது பார்த்தாலும் நிறைந்திருந்தது. பக்கத்துக் கடை ஓடினால் நம் கடையும் ஓடும். புதன்கிழமை அவனிடமே போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு, “யாவாரம் எப்படிப் போகுது?” என்று கேட்டேன்.

அவன் டீயை நங்கென்று வைத்தான். “பாத்தா தெரியலையா? கண்ணு இருக்குல்ல?”

“கேட்டா சொல்லக் கூடாதா?”

“நல்லா ஓடுது. போதுமா? டீயக் குடிச்சிட்டு எடத்தக் காலி பண்ணுங்க, ஆளு உக்காரணும்.”

பக்கத்தில் கடை வரப்போகிறது என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். வயிறு எரிகிறதென்றால் இடம் நல்ல இடம்தான். ஞானஜோதியிடம் கேட்டதற்கு மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், “என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நானும் அவருக்கு வாடகைக்குத்தான் இருக்கேன்” என்றாள். அது திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று அமிர்தநாதனும் அங்கே வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. “என்னக்கா, மூணு நாளா என் வாசலக் காவல் காக்குறீங்க?” என்று சிரித்தார்.

நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன. முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த ஒருத்தியை ஒரு வருஷமாக யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். “ஐயோ, நானே இப்படி எண்ணுனதில்ல. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அடியில் தேதியும் என் கையெழுத்தும் இருந்தன. பழக்க தோஷம்.

வீட்டுக்கு வந்து, “இடம் சரி. சனிக்கிழமை எக்ரிமென்ட் போடலாம்” என்று சொன்னேன். அருண்பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். தமிழ்ப்ரியா மட்டும் மாவு பிசைந்த கையோடு நின்றாள்.

“ஏனுங்க அத்தை, பொழுதோட எத்தன பேருங்க?”

“பொழுதோடன்னா?”

“சாயங்காலமுங்க. வாங்கறவங்க ஊட்டுக்குப் போறப்பத்தானுங்க வாங்குவாங்க. வேலைக்கு ஓடறப்ப யாருங்க பன்னு வாங்கிப் பையில போட்டுட்டுப் போறாங்க? எங்க மாமன் சித்தூர்ல கட வெச்சப்ப மொதல்ல அதத்தானுங்க பாத்தாரு, எந்தப் பக்கம் திரும்பி வாராங்கன்னு.”

“காலைல எறங்குன ஆளு சாயங்காலம் ஏறாம ஆத்துலயா விழுந்துருவான்? எறங்குனவன் ஏறித்தான ஆகணும்?”

“ஏறுவாங்கதானுங்க. எந்த வழியா ஏறறாங்கன்னு…”

“ஏய், எனக்கு இந்த ரோட்ட நீ சொல்லிக் குடுக்குறியா? நான் பொறந்ததுல இருந்து இதுல ஏறி எறங்குறேன். நேத்து வந்தவ நீ.”

“சரிங்க” என்றாள். அந்தச் சரிங்கவில் ஒரு சரியும் இல்லை.

வியாழனும் வெள்ளியும் சாயங்காலம் அவளைக் காணோம். ஞானஜோதியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருப்பதாக மகன் சொன்னான். இரண்டு நாளாக ஒரு ஜாக்கெட்டா என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். வெள்ளி இருட்டும் நேரம் வந்தவள் நேராக என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். பிள்ளைகள் நோட்டில் கிழித்த தாள்.

“நாலு மணியில இருந்து ஏழு வரைக்குமுங்க. நேத்து எம்பத்தொண்ணு. இன்னிக்கு எழுபத்தி நாலு. மேல ஏறுனவங்க அவ்வளவுதானுங்க.”

“அறுநூறு பேர் எறங்குன ரோட்டுலயா? தூங்கிட்டியா?”

“தூங்கலீங்க. எல்லாரும் பாலத்துக்கிட்ட ஜீப் ஏறி ஃபேக்டரி ரோட்டுல சுத்திப் போறாங்க. ஆளுக்கு இருவது ரூவா. ஏலக்காட்டுப் பொம்பளைங்கள அந்த ஜீப்பே லயத்துல கொண்டு போயி எறக்கி உட்டுருதுங்க. எறக்கம்னா நடப்பாங்க, ஏத்தத்துல யாரும் நடக்கறதில்லீங்க. பையோட ஏற முடியுமுங்களா?”

அவள் நிறுத்தவில்லை.

“சங்கையாண்ணன் கடைக்கு ரொட்டி வண்டி வருதுங்க. காலைல இருவது பாக்கெட் போடறாங்க. சாயங்காலம் பதினாலு திருப்பி எடுத்துட்டுப் போறாங்க. நடு முறியில நாலு வருசத்துல மூணு கட வந்து போயிருக்குதுங்க. ஒரு பழக்கட, ஒரு மொபைல் கட, ஒரு பேக்கரி. பேக்கரி அஞ்சே மாசமுங்க. ஞானஜோதியக்கா நாலு வாட்டி கேட்ட பொறகுதான் சொன்னாங்க. அவங்களுக்குத் தையல் வேல, வேணுங்கறவங்க தேடி வருவாங்க, ஆளு நடமாட்டம் வேண்டியதில்லீங்க. நமக்கு அப்புடி இல்லீங்க.”

“ஏறுற எழுபத்து நாலு பேரு யாரு?”

“வயசானவங்கதானுங்க. ஜீப்புக்குக் காசு குடுக்க மனசு வராதவங்க.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு நாளும் அதுல நீங்களும் இருக்கீங்க அத்தை” என்றாள்.

உண்மை. ரேஷனுக்கும் பேங்குக்கும் போய்விட்டு நான் நடந்துதான் ஏறினேன். நாற்பது வருஷமாக நடந்துதான் ஏறுகிறேன். இருபது ரூபாயை ஜீப்காரனுக்குக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல் போனது எப்போது என்று நான் பார்க்கவே இல்லை. எஸ்டேட்டில் காலையில்தான் ஆள் எண்ணுவோம். சாயங்காலம் யாரும் எண்ணுவதில்லை. போனவன் வந்துவிடுவான், அதே பாதைதான்.

அப்போதாவது நான் ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் என் கணக்கில் ஒரு குறை என்று ஒருத்தி சொல்வதா, அதுவும் இவள் சொல்வதா? தாளை எடுத்து நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

“என் மகன் கட போடக் கூடாது, ஒங்கப்பன் ஊருக்கே அவன இழுத்துட்டுப் போகணும். அதுக்குத்தான இந்தக் கணக்கு? நாளைக்கு எக்ரிமென்ட். வாயத் தொறந்தா நடக்குறது வேற.”

அவள் அழவில்லை. “பணம் உங்களுதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகன் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பன் சாடை, பிரச்சினை வந்தால் சுவர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு நடு முறியில் கூடினோம். பத்திரம் எழுதுகிறவர் முத்திரைத் தாளோடு அங்கேயே வருகிறேன் என்றிருந்தார். அமிர்தநாதன் நாற்காலி போட்டு வைத்திருந்தார். பணப்பை என் மடியில். தமிழ்ப்ரியா வாசலுக்கு வெளியே, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நின்றாள். எழுதுகிறவர் வரத் தாமதம் ஆயிற்று. அதுதான் எனக்கு வாய்த்த நல்ல நேரம்.

அந்த முறிக்குள்ளிருந்து ரோட்டை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்று நாளும் எதிரிலிருந்தல்லவா பார்த்தேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. புத்தகம் வீட்டில் கிடந்தது. ஆனால் கண் சும்மா இருக்காது. குடை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் ஏறினார். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து விறகு சுமந்த இரண்டு பெண்கள். மூன்று. இள வயசுப் பிள்ளை ஒன்றுகூட ஏறவில்லை. கீழே பாலத்துப் பக்கம் ஜீப்காரன் எங்கள் டிவிஷன் பேரைச் சொல்லிக் கூவுவது மேலே வரைக்கும் கேட்டது. ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது பேர். சுவரில் பழைய போர்டுகள் அடித்த ஆணித் துளைகள் மூன்று வரிசையாக இருந்தன. இந்த முறியில் இரண்டு பேரின் உழைப்பையும் என் முப்பத்து மூன்று வருஷத்தையும் கொண்டுவந்து கொட்டப் பார்த்தேனே.

ஆனால் பக்கத்துச் சங்கையா கடையில் மட்டும் பெஞ்சு நிறைந்திருந்தது. ரோட்டில் ஆள் இல்லை, பெஞ்சில் எப்படி ஆள்? எழுந்து போய் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நின்றேன். ஐந்து ஆண்கள். மூன்று நாளும் காலையில் பார்த்த அதே முகங்கள். எல்லார் முன்னாலும் காய்ந்துபோன கிளாஸ். மூன்று பேர் என் டிவிஷனில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். இந்த மாதிரிக் கூட்டம் எனக்குத் தெரியும். மேனேஜர் வருகிற நாளில் கங்காணி பக்கத்துக் காட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்து நிறுத்துவானே, அந்தக் கூட்டம்.

“பெரியமுத்து!” என்று காலையில் மலையில் ஆள் எண்ணக் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டேன்.

“இருக்கேன்!” என்று அவன் துள்ளி எழுந்து நின்றுவிட்டான். பழக்கம் விடுமா?

“எத்தன நாளா இங்க பேரு போடுறாங்க ஒனக்கு?”

“ஒரு வாரமா…” என்று இழுத்தான். “ரெண்டு நேரமும் டீ சும்மா. வந்து உக்காரணும், அவ்வளவுதான்.”

சங்கையா பாய்லரை விட்டு இறங்கி வந்தான். முகம் கடுகடுத்திருந்தது. “ஆமா, உக்கார வச்சேன். என்ன பண்ணச் சொல்லுதீங்க? ஏழு மாசமா எடத்தக் காலி பண்ணுதேன், என் அட்வான்ஸக் குடுன்னு இந்த ஆளுகிட்டக் கேக்கேன். நடு முறிக்கு ஆள் வந்து பணம் கட்டுனாத்தான் எனக்குத் தருவேங்காரு. கட ஓடுற மாதிரிக் காட்டுன்னாரு, காட்டுனேன். ஒங்க பணம் வந்தா நான் தப்பிப்பேன். எனக்கும் பிள்ள குட்டி இருக்கு.”

“அப்ப நான் சாகட்டும்னு விட்ட?”

“நீங்கதான மூணு நாளு எண்ணுனீங்க? ஒங்க கணக்குல வராதத நான் என்ன சொல்ல?”

அமிர்தநாதன் வெளியே வந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“இங்க என்ன சந்தை? பத்திரம் வருது, உள்ள வாங்க.”

“வரல. எக்ரிமென்ட் கிடையாது.”

“டோக்கன் கெடைக்காது.”

“வச்சுக்கோரும். கண்ண மூடிக்கிட்டு நடந்ததுக்குக் கூலி.”

“நீங்க இல்லன்னா ஆளா இல்ல?” அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் புத்தகத்துப் பக்கம், என் கோடுகள், அறுநூற்றுப் பன்னிரண்டு, அடியில் என் கையெழுத்து. “ஒங்க டிவிஷன் சுருளியம்மா நேத்தே வந்து கேட்டாங்க. இதக் காட்டுனேன். செல்வலட்சுமி எண்ணுனதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்கல. ஒங்க எக்ரிமென்ட் இல்லன்னா அவங்களுக்குத்தான் முறி.”

“அத அழிச்சிரும்” என்றேன்.

“எதுக்கு? அதுல பொய் இருக்கா? பொய் இருந்தா சொல்லுங்க, அழிக்கிறேன்.”

பொய் ஒன்றும் இல்லை. அந்த நாள் காலையில் அந்த ரோட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு கோடுகூடக் கூடுதல் இல்லை.

மேலே ஏறும்போது தமிழ்ப்ரியா என் பையை வாங்கிக்கொண்டாள். நான் கொடுக்கவில்லை, அவளாக வாங்கினாள். பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “நீ சொன்னதுதான் சரி” என்றேன். “தெரியுமுங்க” என்றாள். அவ்வளவுதான். அந்தக் கொழுப்புக்கு அவளை அறையவும் தோன்றியது, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறவும் தோன்றியது. பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

மறுநாள் மத்தியானம் சுருளியம்மாள் லயத்துக்குப் போனேன். அவளுக்கும் எனக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு மழை நாள். நான் ஆள் எண்ணும்போது அவள் தன் தேயிலை நிரையில் இல்லை. ஓடைப் பக்கத்துச் சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன் என்று வேலை முடிந்து வந்து சொன்னாள். நான் அரைப் பேர்தான் போட்டிருந்தேன். யூனியன் வரைக்கும் போனாள். மேனேஜருக்கு முன்னால் நான் சொன்னேன்: என் புத்தகத்தில் இருந்தால் இருந்தாள், இல்லையென்றால் இல்லை, எழுதி முடித்த பிறகு திருத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவள் ஓடைப் பக்கம்தான் இருந்தாள் என்று பிறகு எனக்கே தெரியவந்தது. திருத்தவில்லை.

அவள் வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என்னைப் போலத்தான். ரிட்டயர், பணம் கையில், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம். இட்லிக் கடை போடப் போகிறாள் என்று கேள்வி. என்னைக் கண்டதும் விறகு வைத்த கை நின்றது.

“அந்த முறிய எடுக்காத சுருளி” என்றேன். “நான் காலைல மட்டுந்தான் எண்ணுனேன். சாயங்காலம் அந்த ரோட்டுல ஈ காக்கா கெடையாது. எல்லாரும் ஜீப்புல போயிருதாங்க. காலைலயும் ஒருத்தரும் நிக்காம ஓடுறவங்கதான்.”

“யாரு எண்ணுனது சாயங்காலம்?”

“என் மருமக.”

“புத்தகத்துல இருக்கா?”

“நான் கிழிச்சுப் போட்டுட்டேன். இப்ப எழுதித் தாரேன், கையெழுத்தும் போட்டுத் தாரேன். நேத்து நானே உள்ள உக்காந்து பாத்தேன், ஒரு மணிக்கூருக்குப் பத்தொம்பது பேரு.”

“முடிஞ்ச பொறகு எழுதுவியா?” என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. “நீ அப்படி எழுத மாட்டியே.”

“ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன்டி. நீயே இன்னைக்கு நாலு மணிக்கு வந்து பக்கத்துல உக்காரு. நீயே எண்ணிப் பாரு.”

“எண்ணுறதுக்கு நீ, எண்ணிக்கைக்கு நிக்குறதுக்கு நான்னுதான பதினாலு வருசம் இருந்துச்சு? நான் என்னத்த எண்ணுறது? அன்னைக்கு மழையில நின்னு கத்துனேன், நான் இருந்தேன் இருந்தேன்னு. ஒன் புத்தகத்துல இல்லன்னு சொன்ன. எல்லாரும் ஒன் புத்தகத்தத்தான் நம்புனாங்க. நான் இருந்தது பொய்யாப் போச்சு. இப்ப ஒன் புத்தகத்துல அறுநூத்திப் பன்னெண்டு இருக்கு. நானும் நம்புறேன்.”

“சுருளி…”

“நீ கைவிட்ட எடத்த நான் எடுத்துப் பொழச்சிருவேன்னு ஒனக்குப் பொறுக்கல. போ.”

விறகை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவைத் தட்டினேன். அன்றைக்கு அரைப் பேர் போட்டது தப்பு, நீ ஓடைப் பக்கம்தான் இருந்தாய், எனக்குத் தெரியும் என்று கதவிடம் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.

புதன்கிழமை அவள் எக்ரிமென்ட் போட்டாள். அந்த வாரமே சங்கையா அட்வான்ஸை வாங்கிக்கொண்டு பெஞ்சையும் பாய்லரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

எங்களுக்குத் தமிழ்ப்ரியா பாலத்துக்கிட்டே, ஜீப் நிற்கிற பக்கமாக, ஒரு இடம் கண்டுபிடித்தாள். மூன்று ஆள் நின்றால் நிறைந்துவிடும் இடம், வாடகை அதிகம், தங்க அறை கிடையாது, வீட்டுக்குத் தனி வாடகை. பத்து நாள் சாயங்காலம் நின்று எண்ணிவிட்டுத்தான் என்னிடமே சொன்னாள். ஜீப் கிளம்பக் காத்திருக்கிற நேரத்தில் ஜனங்கள் வடை வாங்குகிறார்கள். கடை ஓடுகிறது. அவளுக்கும் எனக்கும் இன்னும் நாளைக்கு ஒரு சண்டை உண்டு.

வீடு மேட்டில்தான் கிடைத்தது. சாயங்காலம் நான் இப்போதும் அந்தக் குறுக்கு ரோட்டிலேயே ஏறுகிறேன். ஜீப்புக்குக் காசு இல்லாமல் இல்லை. சுருளியம்மாள் நடு முறியில், மூடி போட்ட இட்லிச் சட்டிக்குப் பின்னால், ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் நின்று நாலு இட்லி பார்சல் கேட்பேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கட்டிக் கொடுப்பாள். போன வாரம் அவள் பக்கத்தில் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைப் பார்த்தேன். முந்தின நாட்களுக்கு நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று போட்டிருந்தாள், நான் போடுவதைப் பார்த்துப் பழகியதுதான். அன்று ஏழு மணி வரைக்கும் இட்லி வாங்கினவர்களுக்கு அதில் மூன்று கோடுதான் இருந்தது. நாலாவதாக என்னைப் போட்டாள்.